மூன்று ஸ்கேன் படங்களில் எது அம்மாவுடையது?

கேள்வி: டாக்டர், நான் செங்கோட்டையில் இருக்கிறேன். அம்மா (வயது 61) ஆரியங்காவில் தம்பி வீட்டில். இடது சிறுநீரகத்தில் 9 மி.மீ. கல் என்று புனலூர் சிடி ரிப்போர்ட் சொல்கிறது. தம்பி வாட்ஸ்அப்பில் மூன்று படம் அனுப்பினான். முதலாவது, வயிற்றைக் குறுக்கே வெட்டிய மாதிரி படம்; பெயர், 061Y, F என்று இருக்கிறது, ஆனால் இனிஷியல் பெயருக்குப் பின்னால். கல் படத்தின் வலப்பக்கம் தெரிகிறது. இரண்டாவது, எக்ஸ்ரே ஃபிலிமை ஜன்னலில் பிடித்து எடுத்த போட்டோ; R எழுத்து கண்ணாடியில் பார்த்தது போல் திரும்பி, படத்தின் வலது ஓரத்தில் இருக்கிறது. கல் இடப்பக்கம். மூன்றாவது, எக்ஸ்ரே போலவே இருக்கும் சிடி படம், குறுக்கே கோடுகள் போட்டது. மேல்பகுதி வெட்டப்பட்டு ஓரத்தில் 058Y M மட்டும் மிச்சம். R நேராக இடது ஓரத்தில் இருக்கிறது. அம்புக்குறி போட்ட கல்லும் அதே பக்கம். யாராவது படத்தை மாற்றிவிட்டார்களா? வேறு ஆளுடையதா? அம்மாவுக்கு நான்கு வருடத்துக்கு முன் வலது இடுப்பு எலும்பு முறிந்து பிளேட் வைத்திருக்கிறது. அடுத்த வாரம் தென்காசியில் ஆபரேஷன்.

பதில்: கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, இடுப்பில் பிளேட் என்று, இந்த மூன்று படங்களையும் பிரித்தறிய நமக்குக் கிடைத்த நல்ல சாட்சி அதுதான். படத்தின் ஓரத்தில் இருக்கும் பெயர், வயது, R, L எல்லாம் யாரோ ஒருவர் தட்டச்சு செய்ததையோ, அவர் கொடுத்த தகவலை வைத்து இயந்திரம் எழுதியதையோதான் சொல்கின்றன. அம்மாவின் எலும்பில் இருக்கும் உலோகத்தை யாரும் தட்டச்சு செய்யவில்லை. அதனால் ஒவ்வொரு படத்திலும் எழுத்து சொல்வதையும் உடம்பு சொல்வதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

முதல் படத்தில் குழப்பமே இல்லை. குறுக்குவெட்டு சிடி படத்தை, நோயாளி மல்லாந்து படுத்திருக்க நாம் அவர் காலடியில் நின்று தலையை நோக்கிப் பார்ப்பதாக வைத்துக் காட்டுவது உலகம் முழுக்க உள்ள வழக்கம். அதனால் அவருடைய வலது பக்கம் நம் இடது கைப் பக்கம் வரும். படத்தின் இடது ஓரத்தில் R, வலது ஓரத்தில் L, மேலே A (வயிற்றுப்பக்கம்), கீழே P (முதுகுப்பக்கம்) என்று இருக்கும். படத்தின் வலப்பக்கம் தெரியும் கல் அம்மாவின் இடது சிறுநீரகத்துக் கல்தான். ரிப்போர்ட்டோடு பொருந்துகிறது.

எழுத்தை நம்பியதோடு நிறுத்தாமல் உடம்பையும் கேட்டுவிடுங்கள். சிறுநீரகம் தெரியும் மட்டத்தில் பெரும்பாலும் கல்லீரலின் கீழ்ப்பகுதியும் தெரியும்; அது R எழுத்தின் பக்கம், அதாவது உங்கள் இடது கைப் பக்கம், சாம்பல் நிறத்தில் பெரிதாக இருக்க வேண்டும். கல்லீரல் L பக்கம் இருந்தால் மூன்று காரணங்களை யோசிப்போம். படத்தைக் கையாண்டவர் எழுத்தை விட்டுவிட்டு உருவத்தை மட்டும் திருப்பியிருக்கலாம். அல்லது நோயாளி மேசையில் படுத்த விதத்தை டெக்னீஷியன் கணினியில் தவறாகக் குறித்திருக்கலாம். சிடி இயந்திரத்துக்கு யார் எந்தப் பக்கம் என்று தானாகத் தெரியாது. 'தலை முதலில், மல்லாந்து' என்பதை HFS என்றும், 'கால் முதலில், மல்லாந்து' என்பதை FFS என்றும் நாம் தேர்ந்தெடுத்துக் கொடுக்கிறோம். காலை முதலில் உள்ளே விட்டுவிட்டு HFS என்று குறித்தால், R, L இரண்டும் பிசகில்லாத அச்சில், தவறான பக்கத்தில் வந்து உட்காரும். மூன்றாவது காரணம், உறுப்புகளே பக்கம் மாறிப் பிறந்த மனிதர்; அரிதுதான், ஆனால் உண்டு. உங்கள் முதல் படத்தில் கல்லீரல் R பக்கமே இருக்கும் என்றுதான் நினைக்கிறேன். இருந்தாலும் ஒருமுறை பாருங்கள்.

இனிஷியல் பின்னால் வந்ததற்குப் பயப்பட வேண்டாம். நம் பக்கத்தில் முன்னெழுத்தை முன்னால் போடுகிறோம். மலை தாண்டினால் பெயருக்குப் பின்னால்தான் பெரும்பாலும் எழுதுவார்கள், சிலர் வீட்டுப்பெயரையும் சேர்ப்பார்கள். கவுன்டரில் தம்பி தமிழில் சொன்ன பெயரை மலையாளக் காதில் வாங்கி ஆங்கிலத்தில் அடித்திருப்பார்கள். ஒரு எழுத்து கூடும், குறையும். எல்லைக்கு இருபுறமும் வைத்தியம் பார்க்கும் குடும்பங்களின் ஃபைலில் ஒரே ஆளுக்கு மூன்று விதமான பெயரைப் பார்த்திருக்கிறேன். அதனால் பெயரை வைத்து மட்டும் 'இவர்தான்' என்றோ 'இவர் இல்லை' என்றோ முடிவுகட்ட மாட்டேன். பெயருக்குப் பக்கத்திலோ கீழேயோ ஒரு எண் இருக்கும், ID என்று. அது பில்லிலும் ரிப்போர்ட்டிலும் உள்ள எண்ணோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். பெயர் எப்படி எழுதப்பட்டாலும் அந்த எண் மாறாது.

இரண்டாவது படம். இதில் உங்கள் கண்ணில் பட்ட திரும்பிய R தான் இந்தப் படத்துக்கு நற்சான்றிதழ். எக்ஸ்ரே எடுக்கும்போது டெக்னீஷியன் ஈயத்தில் செய்த R எழுத்தை நோயாளியின் வலப்பக்கம் வைத்து எடுப்பார். அதன் நிழலும் எலும்போடு சேர்ந்தே பதியும். இப்போதைய டிஜிட்டல் எக்ஸ்ரேயில் சில இடங்களில் எழுத்தைப் பிறகு கணினியில் சேர்க்கிறார்கள். வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்: ஈய எழுத்து கொஞ்சம் சாய்ந்திருக்கும், படத்தில் உள்ள அதே பொடிப்பொடியான தன்மை அதிலும் இருக்கும். கணினி எழுத்து நேராக, கூர்மையாக நிற்கும். எப்படி வந்த எழுத்தானாலும், ஃபிலிமைப் பின்பக்கம் காட்டிப் பிடித்தால் எல்லாமே சேர்ந்து திரும்பும். எழுத்து கண்ணாடி பிம்பமாகும், இடது ஓரத்தில் இருக்க வேண்டிய R வலது ஓரத்துக்குப் போகும், கல்லும் பக்கம் மாறும்.

இங்கே நடந்தது அதுதானா என்பதை உறுதிசெய்ய, உங்கள் போனிலேயே அந்தப் படத்தை எடிட் செய்யும் இடத்தில் கிடைமட்டமாகத் திருப்பிப் பாருங்கள். அசல் படத்தை அப்படியே வைத்துக்கொண்டு, ஒரு நகலில் செய்யுங்கள். R நேராகி உங்கள் இடது கைப் பக்கம் வரும். ஓரத்தில் அச்சான பெயர் இருந்தால் அதுவும் படிக்கும்படி ஆகும். கல் வலது கைப் பக்கம், அதாவது அம்மாவின் இடது பக்கம் வரும். அப்புறம் கீழே பாருங்கள்: இடுப்பு பிளேட், ஸ்க்ரூக்கள் எல்லாம் R இருக்கும் பக்கமே பளிச்சென்று வெள்ளையாகத் தெரிய வேண்டும். எழுத்து, கல், பிளேட் மூன்றும் ஒன்றாகத் திரும்பி ஒன்றாகச் சரியாகிவிட்டால், அது ஜன்னலில் ஃபிலிமைப் புரட்டிப் பிடித்ததால் வந்த வினை. யாரும் எதையும் மாற்றவில்லை, ஃபிலிம் அம்மாவுடையதே.

திருப்பிய படத்தில் கவனிக்க R, L ஆகிய எழுத்துகள்தான் உதவும். A, H, M எல்லாம் கண்ணாடியிலும் அதே மாதிரிதான் தெரியும். அவற்றை மட்டும் பார்த்தால் படம் திரும்பியிருப்பதே தெரியாமல் போகும். தலைகீழாகப் பிடித்த படத்தையும் சிலர் இதோடு குழப்பிக்கொள்வார்கள். தலைகீழ் படத்தில் R தலைகீழாக நிற்குமே தவிர கண்ணாடி பிம்பமாகாது. போனைச் சுற்றினால் சரியாகிவிடும்.

விஷமமாகச் செய்பவர் என்ன செய்வார் என்றால், படத்தைத் திருப்பிவிட்டு, திரும்பிய எழுத்தை அழித்து, நேரான R ஒன்றை அதே இடத்தில் போடுவார். வயிற்றுப் படத்தில் கல்லீரலும், உங்கள் அம்மா போன்றவருக்கு பிளேட்டும் அவரைக் காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் முழங்கால், கை போன்ற படங்களில் இந்த வழி செல்லாது. திருப்பிய இடது முழங்கால் பார்வைக்கு அப்படியே வலது முழங்கால்தான். அங்கே பக்கக்குறியை விட்டால் உடம்பில் வேறு சாட்சி கிடையாது, பழைய முறிவோ தழும்போ இருந்தாலொழிய. அழித்து எழுதிய இடத்தைக் கண்டுபிடிக்க, எழுத்தைச் சுற்றியுள்ள கறுப்பைப் பெரிதாக்கிப் பாருங்கள். மற்ற இடமெல்லாம் லேசான புள்ளிகளோடு இருக்க, அங்கே மட்டும் துடைத்துவிட்ட மாதிரி ஒரே கறுப்பாக இருந்தால் சந்தேகப்படலாம். கணினித் திரையைப் போனில் எடுத்த படமானால் அலை அலையாக வரிகள் விழும். அந்த வரிகள் பெயர் இருக்கும் இடத்தில் மட்டும் அறுந்துபோனாலும் அப்படியே. வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கி அனுப்புவதால் எழுத்தைச் சுற்றி எப்போதுமே கொஞ்சம் கசகசப்பு இருக்கும், அதை வைத்து யாரையும் குற்றம் சொல்ல முடியாது.

இப்போது மூன்றாவது படம். எக்ஸ்ரே மாதிரி இருக்கிறது, குறுக்கே கோடுகள் போட்டிருக்கிறது என்கிறீர்கள். சிடியில் முதலில் எடுக்கும் வழிகாட்டிப் படம் இது. டோபோகிராம் என்போம், சில இயந்திரங்களில் ஸ்கவுட். எங்கிருந்து எங்கே வரை வெட்டி எடுக்கப் போகிறோம் என்று குறிக்கத்தான் அந்தக் கோடுகள். வெட்டுப்படத்துக்கும் இதற்கும் ஒரு முக்கியமான வித்தியாசம் உண்டு. வெட்டுப்படம் ஒரு மெல்லிய தளத்தை மட்டும் காட்டும். பிளேட் அந்தத் தளத்தில் இல்லாவிட்டால் அந்தப் படத்தில் தெரியாது. டோபோகிராம் அப்படியல்ல. உடம்பின் முன்னும் பின்னும் உள்ளது எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக விழும். இடுப்பு மூட்டு படத்துக்குள் இருக்கிறது என்றால், அங்கே உள்ள பிளேட்டும் ஸ்க்ரூவும் தெரிந்தே தீரும். இரண்டு பக்கத்திலும் தொடை எலும்பின் உருண்டையான தலையும் அதற்குக் கீழே கொஞ்சமும் தெரிகிறதா என்று பாருங்கள். அவை தெரிந்து, இரண்டு பக்கமும் உலோகம் இல்லை என்றால், அது அம்மாவின் படம் இல்லை. படம் இடுப்புக்கு மேலேயே நின்றுவிட்டிருந்தால் பிளேட் தெரியாததை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. இடையில் பிளேட்டைக் கழற்றவில்லையே என்பதையும் அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

பிளேட்டைப் பார்ப்பதற்கு முன்பே அந்தப் படத்தின் மேல் எனக்கு நம்பிக்கை இல்லை. 58 என்ற வயதைக்கூட விட்டுவிடலாம். ஆதாரில் உள்ள வயதும் வீட்டில் சொல்லும் வயதும் வேறாக இருப்பது நமக்குப் புதிதல்ல. ஆனால் முதல் படத்தில் 061Y F, மூன்றாவதில் 058Y M. ஒரே முறை பதிவுசெய்து எடுத்த ஸ்கேனில் எல்லாப் படத்துக்கும் வயதும் பாலினமும் ஒரே பதிவிலிருந்துதான் வரும். ஒரு படத்தில் F, அடுத்ததில் M என்று வர வழியில்லை. கல்லும் R பக்கம் இருக்கிறது, அந்த R நேராக நிற்கிறது. திருப்பியதால் வந்த பக்க மாற்றம் என்றும் சொல்ல முடியாது. வேறு ஒருவருக்கு, வலது பக்கத்தில், கல். இப்படித்தான் எனக்குப் படுகிறது.

இதைக் கெட்ட எண்ணத்தில் யாரும் செய்திருப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. ஸ்கேன் எடுக்கும் அறையின் திரையில் ஒரு நோயாளி முடிந்ததும் அடுத்தவரின் டோபோகிராம் வந்துவிடும். 'போட்டோ எடுத்து அனுப்புங்க' என்று யாராவது அவசரப்படுத்தினால், அந்த நேரம் திரையில் யார் இருக்கிறாரோ அவர் போனுக்குள் போய்விடுவார். அல்லது ஊழியரின் போன் கேலரியில் அடுத்தடுத்து இருந்த படங்களில் விரல் தவறியிருக்கும். மேல்பகுதியை வெட்டியதுகூட, கல் பெரிதாகத் தெரியட்டும் என்று செய்ததாக இருக்கலாம். போனில் IMG-20250318-WA0007 என்பது போல ஒரு பெயர் தெரிகிறதே, அதில் உள்ள தேதி வாட்ஸ்அப்பில் வந்த தேதி. ஸ்கேன் எடுத்த தேதி அல்ல. அதை வைத்து ஒன்றும் நிரூபிக்க முடியாது.

ஆகவே செய்ய வேண்டியது இது. தம்பியை பில்லோடு புனலூருக்கு அனுப்பி, ஸ்கேனை சிடி வட்டிலோ பென்டிரைவிலோ இணைப்பாகவோ, இயந்திரம் பதிவுசெய்த மூல வடிவமான DICOM கோப்புகளாகவே கேட்டு வாங்கச் சொல்லுங்கள். JPEG படம் வேண்டாம். வட்டில் DICOMDIR என்று ஒரு கோப்பு இருக்கும். பெரும்பாலும் பார்ப்பதற்கான மென்பொருளும் அதிலேயே வரும், இல்லாவிட்டால் MicroDicom, Weasis போன்றவை இலவசமாகக் கிடைக்கின்றன. திறந்ததும் டோபோகிராமைப் பாருங்கள், பெரும்பாலும் முதல் தொடராக இருக்கும். இடுப்பு படத்துக்குள் வந்திருந்தால் R பக்கம் பிளேட் தெரிய வேண்டும். குறுக்குவெட்டுகளிலும் கடைசி வரை இறங்கிப் பாருங்கள்; அவை இடுப்பு மட்டம் வரை எடுக்கப்பட்டிருந்தால் உலோகத்திலிருந்து கறுப்பும் வெள்ளையுமாகக் கீற்றுகள் தெறித்தது போல் தெரியும். பிறகு, கோப்பின் விவரங்களைக் காட்டும் பகுதியில் Patient ID, Patient's Sex, Study Date, Patient Position ஆகியவற்றை ரிப்போர்ட்டோடு ஒப்பிடுங்கள்.

இந்த வரிசையில்தான் செய்ய வேண்டும் என்பதற்குக் காரணம் உண்டு. அன்றைய பட்டியலில் தவறான பெயரைத் தொட்டுவிட்டு ஸ்கேன் எடுத்தால், எல்லாப் படத்திலும் ஒரே பெயர், ஒரே எண், ஒரே வயது இருக்கும். ஒன்றுக்கொன்று கச்சிதமாகப் பொருந்தும். ஆனால் உடம்பு வேறொருவருடையது. எழுத்துகளை மட்டும் எத்தனை முறை சரிபார்த்தாலும் அது பிடிபடாது. அப்படியே, விவரம் தெரிந்த ஒருவர் DICOM கோப்பிலேயே பெயரை மாற்றினால் படத்தில் தடயம் தெரியாது. சென்டரின் சேமிப்பில் உள்ள மூலத்தோடு ஒப்பிட்டால்தான் வெளியே வரும்.

ரிப்போர்ட்டையும் விட்டுவிடாதீர்கள். அதில் கர்ப்பப்பை பற்றி ஒரு வரி இருக்க வேண்டும், எடுத்துவிட்டார்கள் என்றால் இல்லை என்றாவது. கர்ப்பப்பைக்குப் பதில் புராஸ்டேட் இயல்பாக இருக்கிறது என்று எழுதியிருந்தால், பழைய அச்சில் மேலே அடித்ததாக இருக்கலாம், அடுத்தவர் ரிப்போர்ட்டாகவும் இருக்கலாம். எதுவானாலும் திருப்பிக் கொடுத்து மாற்றி வாங்க வேண்டும். வலது இடுப்பு பிளேட்டைக் குறிப்பிட்டிருந்தால் நல்லது. குறிப்பிடாமல் விட்டிருந்தால் அது மட்டும் குற்றமாகாது. சிறுநீரகக் கல்லுக்காகப் பார்க்கும்போது சிலர் எழுதுவதில்லை.

தென்காசியில் ஆபரேஷன் செய்யும் டாக்டரிடம் வாட்ஸ்அப் படம் ஏற்கெனவே போயிருந்தால், இன்றே போன் செய்து மூன்றாவது படத்தை ஒதுக்கிவிடச் சொல்லுங்கள். அவர் எப்படியும் ஆபரேஷனுக்கு முன் எந்தப் பக்கம் என்று அம்மாவையே கேட்டு, தோலில் அடையாளம் போட்டு, ஸ்கேனைத் திரையில் வைத்துக்கொண்டுதான் தொடங்குவார். உலக சுகாதார நிறுவனம் 2008 முதல் பரப்பிவரும் அறுவை சிகிச்சைச் சரிபார்ப்புப் பட்டியலிலும் இவை இருக்கின்றன. அந்தத் திரையில் ஓடுவது புனலூர் வட்டாக இருக்கட்டும், போன் படமாக இருக்க வேண்டாம். அம்மாவிடமும் 'எந்தப் பக்கம்மா வலிக்குது' என்று கேட்டு வையுங்கள்; இடது என்று அவர் சொன்னால் அதுவும் ஒரு சாட்சி.

மூன்றாவது படத்தை வேறு யாருக்கும் அனுப்பாதீர்கள், அது 58 வயது ஆள் ஒருவருடையது. அதே நாளில் அவர் வீட்டுப் போனுக்கு உங்கள் அம்மாவின் படம் போயிருக்கவும் வாய்ப்பு உண்டு, அவருக்கும் ஆபரேஷன் தேதி குறித்திருக்கலாம். தம்பி வட்டு வாங்கப் போகும்போது அந்தப் படத்தை சென்டர் பொறுப்பாளரிடம் காட்டி, வந்த தேதியையும் நேரத்தையும் சொல்லிவிட்டு வரட்டும். அவர்கள் அந்தக் குடும்பத்தைக் கூப்பிட்டுச் சொல்லிக்கொள்வார்கள்.